பயோடேட்டாவின் முதல் ஆறு வரிகள்

ரிட்டயர் ஆனவர்களின் பயோடேட்டாக்கள் எனக்கு அடிக்கடி வாட்ஸாப்பில் வருகின்றன. நானும் ஓய்வுக்குப் பிறகு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறவன் என்பதால், “கொஞ்சம் பாத்துத் திருத்திக் குடுங்க” என்று தெரிந்தவர்கள் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி, கூட்டுறவுச் சங்கம் என்று ஏதோ ஓரிடத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவிலேயே முப்பது முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து எழுந்தவர்கள். வேலை தெரிந்தவர்கள். ஆனால் எல்லாருடைய பயோடேட்டாவும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: “35 வருட அனுபவம்.”

அதைப் படிக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கோவையில் ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் ஒரு யூனிட்டில் இப்போது ஆள் எடுப்பது பெரும்பாலும் முதலாளியின் மகன் அல்லது மகள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். 35 வருடம் என்று பார்த்ததும் அவர் மனசுக்குள் கூட்டல் போடுகிறார். வேலைக்குச் சேர்ந்தபோது 23 என்றால் இப்போது 58. அதற்குக் கீழே நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் அந்த 58-ஐ முன்னால் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

அதற்காக வயதை மறைக்கச் சொல்லவில்லை. மறைக்கவும் முடியாது, ஆதாரிலும் இருக்கிறது, பிஎஃப் கணக்கிலும் இருக்கிறது. நான் பார்த்தவரை அந்தப் பையனுக்கு வயது ஒரு பெரிய பிரச்சினையே இல்லை. அவன் அப்பாவுக்கே அறுபத்தைந்து இருக்கும். இன்னும் காலையில் எட்டு மணிக்குக் கம்பெனிக்கு வந்துவிடுகிறார். அவனுடைய சந்தேகம் வேறு: இவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வருடத்தோடு நின்றுபோனது? வேலை கேட்டுப் போகிற அறுபது வயதுக்காரர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இதற்கு வாயால் சொல்லும் பதில் எடுபடாது. “நான் அப்டேட்டடாத்தான் இருக்கேன்” என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்.

என் நண்பர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தொகைகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடம் சும்மா இருந்தார். தனியார் மில்லில் இருந்தவர் என்பதால் பிஎஃப் பென்ஷன் மாதம் சில ஆயிரம்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, வீட்டுக்கடன் இன்னும் முடியவில்லை. வீட்டில் அக்கா, அதாவது அவர் மனைவி, “ஏங்க, மறுபடியும் எங்கயாச்சும் போங்க, நாள் பூரா டிவி சத்தம் தாங்க முடியலை” என்று வேறு சொல்லிவிட்டார். இரண்டும் நல்ல காரணங்கள்தான்.

அவருடைய பழைய பயோடேட்டா இரண்டு பக்கம். சென்ட்ரல் எக்சைஸ் ரிட்டர்ன், சென்வாட் கிரெடிட், சி ஃபார்ம் வசூல், விற்பனை வரி அசெஸ்மென்ட், டேலி 7.2. ஒவ்வொன்றும் அவர் உண்மையிலேயே கரைகண்ட வேலை. வெளிமாநிலத்தில் வாங்குகிறவர்கள் தர வேண்டிய சி ஃபார்மை வாங்க அவர் சூரத்துக்கும் இச்சல்கரஞ்சிக்கும் எத்தனை முறை போன் போட்டிருப்பார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நூல் வியாபாரத்தைப் பொறுத்தவரை அந்தப் பட்டியல் முழுவதும் 2017 ஜூன் 30-ஆம் தேதியோடு காலாவதி. மறுநாள் ஜிஎஸ்டி வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் சில வருடங்கள் வேலையில் இருந்தார், ஜிஎஸ்டி எல்லாம் செய்தார். ஆனால் பயோடேட்டாவில் அதற்குக் கிடைத்த இடம் “ஜிஎஸ்டியும் தெரியும்” என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி.

கணக்கு வேலையில் வயதானவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இங்கே சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, மாறும்போதெல்லாம் எல்லாரும் ஒரே கோட்டுக்கு வந்துவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஐஎம்எஸ் வந்தது. சப்ளையர் போட்ட பில்லை நாம் ஏற்பதா, மறுப்பதா, நிறுத்தி வைப்பதா என்று அதில் சொல்லலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே எடுத்துக்கொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களே மாறின, பெரும்பாலான பொருள்களுக்கு 12-உம் 28-உம் போய்விட்டன. 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் வருடச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. பி.காம். முடித்துப் பத்து வருடம் ஆன பையனுக்கும் இவை புதுசு, நமக்கும் புதுசு. ஐஎம்எஸ்ஸில் யாருக்கும் பத்து வருட அனுபவம் கிடையாது. மூன்று மாதம் உட்கார்ந்து வேலை செய்தால் அந்த விஷயத்தில் நீங்களும் அவனும் சமம்; பழைய அனுபவம் உங்களுக்கு உபரி.

உட்கார்ந்து வேலை செய்வது என்றால் யூடியூப் பார்ப்பது அல்ல. மில்லுக்குத் தணிக்கைக்கு வந்துகொண்டிருந்த ஆடிட்டரின் அலுவலகத்துக்கு நண்பர் போனார். “சம்பளம் வேண்டாம் சார், பெட்ரோல் காசு குடுங்க, மூணு மாசம் ஜிஎஸ்டி ஃபைலிங் பண்றேன்” என்றார். ஆடிட்டருக்குச் சங்கடம், ஆனால் ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதி நெருங்கினால் ஆள் பற்றாத அலுவலகம் அது. சரி என்றார். அங்கே சிஏ படிப்புக்காகப் பயிற்சி எடுக்கும் ஆர்ட்டிகிள் பிள்ளைகள் இருபத்திரண்டு வயதுக்காரர்கள். ஒரு பெண் பிள்ளைதான் அவருக்கு ஐஎம்எஸ் சொல்லிக்கொடுத்தாள்.

டேலி பிரைமும் அங்கேதான் கைக்கு வந்தது. 2020 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பில் திரை அமைப்பும் சில சாவிகளும் மாறிவிட்டன. பழைய டேலியில் வருடக்கணக்காக விரல் பழகியவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். எங்கே போக வேண்டுமானாலும் Alt+G அழுத்திப் பேரை டைப் செய்தால் போதும் என்று தெரிந்ததும் எரிச்சல் போய்விடும். அதைவிட முக்கியமானது எடிட் லாக். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், எந்த என்ட்ரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற தடம் பதிவாகும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘போன மாசத்து வவுச்சரை உள்ள போய் மாத்திடலாம்’ என்பது நம் தலைமுறையின் கைப்பழக்கம். இன்டர்வியூவில் ஒரு தப்பான என்ட்ரியைக் காட்டி “இதை எப்படிச் சரிசெய்வீங்க?” என்று கேட்பார்கள். ஆல்ட்டர் செய்வேன் என்று சொன்னால் உங்கள் அறிவு எந்த வருடத்தில் நின்றது என்று தெரிந்துவிடும். மாதக் கணக்கு முடிந்து ரிட்டர்னும் போட்டாகிவிட்டால் இந்த மாதத் தேதியில் ஜர்னலோ கிரெடிட் நோட்டோ போட்டுத் திருத்துவேன் என்பதுதான் இன்றைய பதில்.

மூன்று மாதம் கழித்து அவருடைய பயோடேட்டாவை இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். மேலே ஆறு வரிகள் வந்தன:

> தற்போது ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு நிறுவனங்களின் மாதாந்திர ஜிஎஸ்டி வேலை.
> சென்ற மாதம்: ஏழு நிறுவனங்களுக்கும் 2பி ஒத்திசைவு முடித்து 3பி உரிய தேதிக்குள் தாக்கல்.
> ஐஎம்எஸ்ஸில் பில்களை ஏற்றல், நிறுத்திவைத்தல். இ-இன்வாய்ஸ், இ-வே பில் தயாரிப்பு.
> டேலி பிரைம் (எடிட் லாக்), எக்செல் ஒப்பீட்டுத் தாள்கள் சுயமாகத் தயாரிப்பு.
> வங்கி சிசி கணக்குக்கு மாதாந்திர ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தயாரிப்பு.
> மேற்கண்ட எதையும் நேர்காணலின்போது உங்கள் தரவிலேயே செய்து காட்டத் தயார்.

மில்லில் வேலை பார்த்த வருடங்கள் இதற்குக் கீழே நான்கு வரியில் அடங்கிவிட்டன. எக்சைஸ், சி ஃபார்ம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அவருக்கு அதில் வருத்தம்தான். ஒரு மனுஷனின் இருபது வருட உழைப்பை டிலீட் செய்யச் சொன்னால் வருத்தம் வராமல் என்ன செய்யும். பிறந்த தேதி கடைசியில் அப்படியே இருந்தது.

இரண்டாவது வரியில் “சென்ற மாதம்” என்று இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அந்த இடத்தில் சென்ற மாதத்தின் பெயரை மாற்றிப் போட்டார். ஆறாவது வரியைப் போட அவர் தயங்கினார். “செஞ்சு காட்டச் சொல்லிட்டா?” என்றார். சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே போடுகிறோம் என்றேன்.

சொன்னார்கள். கிணத்துக்கடவு பக்கம் ஒரு வார்ப்பட யூனிட். முதலாளியின் மகன் ஒரு லேப்டாப்பை நகர்த்தி வைத்து, “சார், இது போன மாசப் பர்ச்சேஸ் ரெஜிஸ்டர், இது 2பி. வித்தியாசம் வருது. என்னன்னு பாருங்க” என்றார்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நாம் பொருள் வாங்கும்போது கொடுக்கும் வரியை, நாம் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதுதான் இன்புட் கிரெடிட். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், நம் புத்தகத்தில் பில் இருந்தால் மட்டும் போதாது. சப்ளையர் தன்னுடைய ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது நம்முடைய 2பி என்ற அறிக்கையில் வந்திருக்க வேண்டும். மாதாமாதம் 14-ஆம் தேதி அந்த அறிக்கை போர்ட்டலில் தயாராகும். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் ஆறு நாளில் இரண்டையும் ஒப்பிட்டு முடிக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது இதைச் செய்யத் தெரியுமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நண்பர் பையில் இருந்து மவுஸை எடுத்துச் சொருகினார். லேப்டாப்பின் டச்பேடில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தால் வேலை தெரிந்தவர்கூடத் தெரியாதவர் மாதிரி ஆகிவிடுவார். எழுத்தையும் பெரிதாக்கிக்கொண்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையருகே குனிவதைவிட அது எவ்வளவோ மேல்.

புத்தகத்தில் இருந்த இன்புட் வரி 4,86,200 ரூபாய். 2பியில் 4,31,840. வித்தியாசம் 54,360. பில் நம்பரை வைத்து ஒப்பிடப் போகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்வார்கள். நம் ஆள் “112” என்று என்ட்ரி போட்டிருப்பார், சப்ளையர் “ABC/0112/25-26” என்று போட்டிருப்பார். எக்செல்லுக்கு இரண்டும் வேறு வேறு. அதனால் அவர் சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் வரித் தொகையையும் வைத்துத் தேடினார், ஒரு ரூபாய் முன்னே பின்னே இருந்தாலும் பொருந்துகிற மாதிரி:

```
=COUNTIFS('2B'!A:A,A2,'2B'!E:E,">="&E2-1,'2B'!E:E,"<="&E2+1)
```

A-யில் ஜிஎஸ்டி எண், E-யில் வரித் தொகை. விடை 1 வந்தால் பொருந்திவிட்டது, 0 வந்தால் அந்த பில் 2பியில் இல்லை. 2 வந்தால் ஒரே சப்ளையரிடம் ஒரே தொகைக்கு இரண்டு பில் இருக்கிறது என்று பொருள், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இதே ஃபார்முலாவைத் திருப்பி 2பி தாளிலும் போட்டார். அங்கே இருந்து இங்கே இல்லாதவை அதில் கிடைக்கும். பல பேர் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

மூன்று பில்கள் வெளியே வந்தன. புத்தகத்தில் இருந்து 2பியில் இல்லாதவை இரண்டு. ஒன்று பேட்டர்ன் செய்து தருகிறவரின் பில், வரி 21,600. இன்னொன்று ஸ்கிராப் சப்ளையர் பில், வரி 48,600. இரண்டும் சேர்ந்து 70,200. மறுபக்கம், 2பியில் இருந்து புத்தகத்தில் இல்லாதது ஒன்று: ரெசின் பில், வரி 15,840. 70,200-இல் 15,840-ஐக் கழித்தால் 54,360. வித்தியாசம் நேர் ஆகிவிட்டது.

இதுவரைக்கும் செய்ததை எந்தப் பையனும் செய்துவிடுவான். டேலி பிரைமே இந்த ஒப்பீட்டைச் செய்து தரும். இதற்கு அடுத்து அவர் கேட்ட கேள்விகளில்தான் அந்த 35 வருடம் இருந்தது.

“பேட்டர்ன்காரர் சின்ன ஆள்தானுங்களே? மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடறவரா இருப்பார்” என்றார். வருடத்துக்கு 5 கோடிக்குள் வியாபாரம் செய்கிறவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அவர்கள் நடு மாதங்களில் விரும்பினால் மட்டும் பில்லை ஏற்றலாம். ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்து போடும் ரிட்டர்னில்தான் நமக்குக் கிரெடிட் வரும். அதில் யாருடைய தப்பும் இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். இல்லையென்றால் மாதம் 13-ஆம் தேதிக்குள் பில்லை ஏற்றச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஸ்கிராப் பில்லுக்கு அந்த சப்ளையருக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு இவரே பேசினார். அந்தப் பக்கம் இருந்த பையன் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, “சார், உங்க சிஸ்டர் கன்சர்ன் நம்பர்ல ஏறிடுச்சுங்க” என்றான். பில்லில் வாங்குகிறவரின் எண்ணே மாறியிருந்தால் சப்ளையர் தன் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ஐ அடுத்த மாதம் போடும்போதுதான் திருத்த முடியும். அதுவரை அந்த 48,600-ஐ எடுக்கக் கூடாது. அங்கே சிஸ்டர் கன்சர்னிலும் யாரும் அதைத் தங்கள் கிரெடிட் என்று எடுத்துவிடக் கூடாது. இந்த இரண்டாவது விஷயம் முதலாளியின் மகனுக்குத் தோன்றியிருக்கவில்லை. இரண்டு கம்பெனியும் அவர்களுடையதுதான்.

மூன்றாவது, ரெசின். 2பியில் வந்துவிட்டதே, என்ட்ரி போட்டுக் கிரெடிட் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். நண்பர் “சரக்கு முழுசா வந்துருச்சுங்களா?” என்று கேட்டார். ஸ்டோர்ஸில் விசாரித்தால், பாதி டிரம்தான் வந்திருக்கிறது, மீதி அடுத்த வண்டியில் வருகிறது, அதனால்தான் ஸ்டோர்ஸ்காரர் பில்லை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார். ஒரே பில்லுக்குச் சரக்கு பகுதி பகுதியாக வந்தால், கடைசிப் பகுதி வந்த பிறகுதான் கிரெடிட். ஆகவே ஐஎம்எஸ்ஸில் அந்த பில்லை நிறுத்தி வைத்து 2பியை மறுபடி கணக்கிட வைக்க வேண்டும். அந்த மாதம் எடுக்கக்கூடிய கிரெடிட் 4,31,840-உம் இல்லை, 4,16,000.

கேட் என்ட்ரியைப் பார்க்காமல் பில்லைத் தொடக் கூடாது என்பது அவர் எக்சைஸ் காலத்தில் கற்றது. பயோடேட்டாவில் இருந்து நாங்கள் எடுத்த அதே எக்சைஸ்தான். பழைய அனுபவத்தை இப்படி இன்றைய வேலையின் ஊடே காட்டினால் மதிப்பு. பட்டியலாகப் போட்டால் வயது மட்டும்தான் தெரியும்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. “சார், வேலை கொஞ்சம் டென்ஷனா இருக்கும். முடியுங்களா?”

இதற்குப் பலர் சொல்லும் பதில்கள் எனக்குப் பழக்கம். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், யோகா செய்கிறேன், சுகர் இல்லை, பிரஷர் இல்லை. கேட்டவருக்கு உங்கள் சுகரைப் பற்றி அக்கறை இல்லை. மாதத்தில் எந்த நாளில் நீங்கள் இருப்பீர்கள், எந்த நாளில் இருக்க மாட்டீர்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். நண்பர் தேதிவாரியாகச் சொன்னார். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும், 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15-ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-ஆம் தேதி 3பி. “14-லேர்ந்து 20 வரைக்கும் எத்தனை மணி ஆனாலும் இருக்கறேனுங்க. 21-க்கு மேல ரெண்டு நாள் லீவு எடுப்பேன்” என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: இருட்டிய பிறகு பொள்ளாச்சி ரோட்டில் அவர் வண்டி ஓட்டுவதில்லை, எதிரே வருகிற லைட் கண்ணைக் கூசுகிறது, அந்த ஒரு வாரம் மட்டும் ராத்திரி கம்பெனி வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. முடியாத ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறவர் முடியும் என்று சொன்ன மற்றதை எதிராளி நம்புகிறார். பொத்தாம்பொதுவாக “எல்லாம் முடியும்” என்பவரிடம்தான் சந்தேகம் மிஞ்சுகிறது. இரண்டாவது மாதமே “இன்னிக்கு சீக்கிரம் போகணும்” என்று நிற்பதைவிட இது கௌரவமும்கூட.

கேட்கப்படாத ஒரு கேள்வியும் அந்த அறையில் இருந்தது. தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவன் சொல்வதை இவர் கேட்பாரா என்பது. இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் விகாரமாக இருக்கும். நண்பர் தொடக்கத்தில் இருந்தே அந்தப் பையனை ‘சார்’ என்றுதான் அழைத்தார். வாய் தவறி ‘தம்பி’ வந்துவிடும், கொங்கு நாட்டில் அது அன்பாகத்தான் வரும், ஆனால் சம்பளம் கொடுக்கிறவரைத் தம்பி என்று அழைத்துவிட்டு அவர் சொல்வதைச் செய்வது இருவருக்கும் கஷ்டம். ஐஎம்எஸ் எங்கே கற்றீர்கள் என்று கேட்டபோது, “ஆடிட்டர் ஆபீஸ்ல ஆர்ட்டிகிள் படிக்கற பாப்பா ஒண்ணு சொல்லிக்குடுத்துதுங்க” என்றார். அந்த ஒரு வாக்கியம் அந்தக் கேள்வியை முடித்துவிட்டது என்று நினைக்கிறேன். “எங்க மில்லுல இப்படித்தான் செய்வோம்” என்ற வாக்கியத்தை மட்டும் நேர்காணலில் எடுக்கவே கூடாது. எத்தனை நல்ல யோசனையாக இருந்தாலும் அந்த முன்னுரை அதைக் கெடுத்துவிடும்.

சம்பளம் பேசும்போது நம்மவர்கள் “நீங்களே பாத்துப் போடுங்க” என்பார்கள். மரியாதை என்று நினைத்துச் சொல்வது, ஆனால் கேட்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வரும். பழைய சம்பளத்தை மனசில் வைத்துக்கொண்டு வருத்தப்படுவாரோ. அல்லது பொழுது போகாமல் வந்தவரோ, நாளைக்கே நின்றுவிடுவாரோ. நண்பர் மில்லில் கடைசியாக வாங்கியது 65,000. இங்கே வாரம் நான்கு நாள், மாதக் கடைசியிலும் தாக்கல் வாரத்திலும் முழு வாரம், 32,000 என்று கேட்டார். ஏன் அந்தத் தொகை என்றும் சொன்னார்: வீட்டுக்கடன் தவணை 19,000, மீதி வீட்டுச் செலவு. கடன் இருக்கிறவர் நின்றுவிட மாட்டார் என்பது எந்த முதலாளிக்கும் புரிகிற கணக்கு.

பிஎஃப் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சின்னக் கம்பெனிகளில் இதை யோசித்தே பெரியவர்களை எடுக்கத் தயங்குகிறார்கள். 58 வயதானதும் பென்ஷன் திட்டத்துக்குப் பணம் போவது நின்றுவிடும். அதற்கு மேல் உறுப்பினராக வேலை செய்தால் முதலாளியின் 12 சதவீதமும் பிஎஃப் கணக்குக்கே போக வேண்டும். மாதாந்திர பிஎஃப் ஃபைலில் பென்ஷன் சம்பளம் என்ற இடத்தில் பூஜ்யம் போட வேண்டும். தெரியாமல் வழக்கம்போல 15,000-க்கு 1,250-ஐப் பென்ஷனில் போட்டுவிட்டு அப்புறம் அதைத் திருத்த அலைகிறவர்கள் உண்டு. ஓய்வு பெறும்போது பிஎஃப் முழுவதையும் எடுத்துவிட்டவர் என்றால், புது இடத்தில் அவரை மறுபடி சேர்த்தாக வேண்டுமா என்பதே வேறு கேள்வி. அந்தத் திட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. நண்பர் முழுத் தொகையையும் எடுத்த சான்றைக் கையோடு கொண்டுபோயிருந்தார். கம்பெனியின் பிஎஃப் கன்சல்டண்டுக்கு அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பினார்கள், பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

இந்த வழியெல்லாம் எங்கே எடுபடும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய கம்பெனிகளில் வயது வரம்பு போட்டே விளம்பரம் வரும். போடாவிட்டாலும் உங்கள் பயோடேட்டாவைப் பார்க்கிறவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்காது, விதிவிலக்கு செய்யும் தைரியமும் இருக்காது. அங்கே எஸ்ஏபி என்ற பெரிய சாஃப்ட்வேரில் வேலை. அது மூன்று மாதத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதும் அல்ல. அவற்றுக்கு அனுப்பி அனுப்பி மனம் நொந்தவர்களை எனக்குத் தெரியும். ஆறு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கே லேப்டாப்பை நகர்த்தி வைக்கக்கூடிய ஓனர் இருக்கும் இடங்கள்தான் நமக்கு. அந்த இடங்கள் வேலைவாய்ப்பு இணையதளங்களில் அதிகம் வருவதில்லை. “உங்க கிளையண்ட் யாராவது ஆள் கேட்டா சொல்லுங்க” என்று ஆடிட்டர் அலுவலகங்களில் சொல்லி வைத்தால் வரும். நண்பருக்கும் அப்படித்தான் வந்தது.

எல்லாம் பேசி முடிந்த பிறகு பெரிய முதலாளி உள்ளே வந்தார். அவர் வயதும் நண்பர் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். நேராகவே கேட்டார்: “நாளைக்கு உங்களுக்கோ எனக்கோ ஒடம்புக்கு ஒண்ணுன்னா, எங்க கணக்கு என்னங்க ஆகும்?”

நண்பர் இதற்குத் தயாராக இருந்தார். இரண்டு வருட ஒப்பந்தம் போதும் என்றார். கம்பெனியில் ஏற்கெனவே பில் போடுகிற பையன் ஒருவன் இருக்கிறான், பி.காம். ஒவ்வொரு மாத வேலையையும் படிப்படியாக ஒரு எக்செல் தாளில் எழுதி வைப்பதாகவும், ஆறாவது மாதத்தில் இருந்து 2பி ஒப்பீட்டை அந்தப் பையனே செய்வான், தான் சரிபார்ப்பதோடு சரி என்றும் சொன்னார். போர்ட்டல் பாஸ்வேர்டும் ஓடிபி வருகிற போன் நம்பரும் தன் பெயரில் வேண்டாம், கம்பெனி பெயரிலேயே இருக்கட்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பெரியவர் மகனைப் பார்த்து, பையனைப் பழக்குவதையும் பாஸ்வேர்டு விஷயத்தையும் ஆர்டரில் எழுதிவிடச் சொன்னார். 14-லிருந்து 20 வரை ராத்திரி வண்டி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நண்பர் சொன்னார். எழுதினார்கள்.